ஒரே தட்டில் பின்புலம் மறையும். காதும் மீசையும் மறையாமல் பார்ப்பது எப்படி?

வீட்டில் வளர்த்த நாய் காணாமல் போனால், வீட்டார் முதலில் தேடுவது அதன் படத்தைத்தான். செல்போனில் பத்துப் படமாவது இருக்கும். ஆனால் அந்தப் படம் நோட்டீசுக்கு உதவுமா என்பது வேறு விஷயம்.

மும்பையில் நம்மவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறை வீடுகளில் எடுத்த படத்தை நினைத்துப் பாருங்கள். நாய்க்குப் பின்னால் தண்ணீர் டிரம், பாத்திர அலமாரி, கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி, கொடியில் துணி என்று எல்லாம் இருக்கும். செல்போனில் பார்க்கும்போது நாய் தெளிவாகத்தான் தெரியும். காரணம், அங்கே நிறம் இருக்கிறது. அதையே கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால், பெட்டியும் நாயும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். ரயில் நிலையத்துக்கு வெளியே ஒட்டிய நோட்டீசைப் பார்க்கிறவர் அது நாயா, மூட்டையா என்று யோசிப்பதற்குள் அவருடைய வண்டி வந்துவிடும்.

அதனால்தான் படத்தில் நாயை மட்டும் விட்டுவிட்டு, பின்னால் உள்ளதை எல்லாம் நீக்கிவிடுகிறார்கள். முன்பு ஸ்டூடியோவில் கத்தரிக்கோலும் தூரிகையும் வைத்து மணிக்கணக்கில் செய்த வேலை இது. இன்று செல்போனில் ஒரு தட்டு போதும். ஆனால் அந்த ஒரு தட்டு சில சமயம் நாயின் காதையும் பூனையின் மீசையையும் சேர்த்தே கொண்டுபோய்விடுகிறது. அது ஏன் நடக்கிறது, எப்படிச் சரிசெய்வது என்பதை இங்கே பார்ப்போம்.

தட்டியதும் நடப்பது என்ன?

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி 2022-ல் வந்த ஐ.ஓ.எஸ். 16 முதல் இருக்கிறது. படங்கள் பகுதியில் படத்தைத் திறந்து, நாயின் மீது விரலை வைத்து ஒரு கணம் அழுத்திப் பிடித்தால், அதன் ஓரத்தைச் சுற்றி ஒளிக்கோடு ஓடும். பிறகு Copy, Share என்ற சொற்கள் தோன்றும். சாம்சங் போன்களில் புதிய மாடல்கள் பலவற்றிலும் கேலரியில் இதே மாதிரி அழுத்திப் பிடித்து நாயைத் தனியே எடுக்கலாம். மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் இதற்கென்று தனிச் செயலிகளும் இணையதளங்களும் உண்டு. அவற்றில் படத்தை ஏற்றி, Remove background என்ற பொத்தானைத் தட்ட வேண்டும்.

வழி எதுவானாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். செல்போன் படம் என்பது மிகச் சிறிய நிறப் புள்ளிகளால் ஆனது. சாதாரணமாக ஒரு படத்தில் நீளவாட்டில் 4,000 புள்ளிகளும், அகலவாட்டில் 3,000 புள்ளிகளும் இருக்கும். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் நாயைச் சேர்ந்ததா, பின்புலத்தைச் சேர்ந்ததா என்று செயலி தீர்ப்பு எழுதுகிறது. நாய் என்றால் வைத்துக்கொள்ளும். பின்புலம் என்றால் மறைத்துவிடும். இரண்டும் கலந்தது என்றால் அரைகுறையாக, மங்கலாக விடும். இப்படி எழுதிய தீர்ப்புகளின் தொகுப்பை முகமூடி என்று சொல்லலாம். நாயின் உருவத்தில் வெட்டிய அட்டையைப் படத்தின் மீது வைத்த மாதிரிதான் அது.

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இத்தனை புள்ளிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் போதாது. ஆகையால் செயலி முதலில் படத்தைச் சுருக்கிக்கொள்கிறது. சில செயலிகள் 1,024 புள்ளி அளவுக்குச் சுருக்கும். சில எளிய செயலிகள் 320 புள்ளி அளவுக்கே சுருக்கிவிடும். அந்தச் சின்னப் படத்தில் முகமூடியை வெட்டி, பிறகு அதைப் பெரிதாக இழுத்து உங்கள் படத்தின் மீது போர்த்துகிறது. சின்னப் படத்தில் காணாமல் போன எதுவும் பெரிய படத்தில் திரும்பி வராது. காது நுனி, மீசை, வால் ரோமம் போன்ற மெல்லிய பாகங்கள் முதலில் பலியாவதற்குக் காரணம் இதுதான்.

கறுப்பு நாயின் இரண்டு காதுகள்

தாராவியில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது எளிதாக விளங்கும். கணவர் ஒரு லாரி கம்பெனியில் கிளார்க். தெருவில் குட்டியாகக் கிடந்த நாட்டு நாயை எடுத்து வளர்த்தார்கள். பெயர் கருப்பன். உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சில் மட்டும் கையகல வெள்ளை. இடது காதின் ஓரத்தில் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி ஒரு வெட்டு.

இந்த வெட்டு சண்டையில் வந்ததல்ல. தெரு நாய்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்கிறவர்கள், மயக்கத்தில் இருக்கும்போதே காதில் இப்படி ஓர் அடையாளம் வைப்பார்கள். அதே நாயை மறுபடியும் பிடித்து மறுபடியும் அறுக்காமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. விலங்குகளின் இனப்பெருக்கக் கட்டுப்பாடு பற்றி மத்திய அரசு 2001-ல் விதிகள் கொண்டுவந்தது. 2023-ல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. எந்த ஊரிலும் காதில் வெட்டுள்ள தெரு நாயைப் பார்த்தால், அது ஆபரேஷன் ஆன நாய் என்று புரிந்துகொள்ளலாம்.

பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு ஓடிய கருப்பன் இரவு முழுவதும் திரும்பவில்லை. காலையில் கணவர் போனில் இருந்த படத்தை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். முதல் பிரதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுல நாய் எங்கே இருக்கு? கட்டிலுக்கு அடியில ஒரே இருட்டால்ல இருக்கு” என்றார்.

“அண்ணாச்சி, நாயை மட்டும் தனியா எடுக்க முடியுமா?”

கடைக்காரர் தம் போனில் அந்தப் படத்தை வாங்கி, செயலியில் ஏற்றி ஒரு தட்டு தட்டினார். கட்டில், பெட்டி எல்லாம் மறைந்தன. வெள்ளைத் தாளில் கருப்பன் மட்டும் நின்றான். ஐம்பது பிரதி போட்டுவிடலாம் என்ற நிலையில், கூட வந்த மனைவி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“ஏங்க, வலது காதையே காணோமே. இடது காதுல வெட்டு இருக்குமே, அதுவும் இல்லையே. இது நம்ம கருப்பன் மாதிரியே இல்லீங்க.”

அவர் சொன்னது சரி. செயலி இரண்டு காதிலும் இரண்டு விதமாகத் தவறியிருந்தது. வலது காது கட்டிலின் நிழலில் இருந்தது. நிழலும் கறுப்பு, காதும் கறுப்பு. எங்கே காது முடிகிறது என்று தெரியாமல், காதை நிழலோடு சேர்த்து வெட்டிவிட்டது. இடது காதில் நடந்தது இதற்கு நேர்மாறு. படத்தில் நாயின் உடல் சுமார் 80 சென்டிமீட்டர். அது 2,000 புள்ளிகளில் அடங்கியிருந்தது. அப்படியானால் 1 சென்டிமீட்டர் வெட்டுக்கு 25 புள்ளி. செயலி படத்தை 1,024 அளவுக்கு, அதாவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்த வெட்டுக்கு 6 புள்ளிதான் மிஞ்சும். 320 அளவுக்குச் சுருக்கினால் 2 புள்ளி. அந்த அளவில் வெட்டு ஒரு பொருட்டே இல்லை. நாய்க் காது என்றால் முக்கோணம் என்று பழகிய செயலி, வெட்டில் தெரிந்த தரையையும் காது என்று எடுத்துக்கொண்டு, முழுக் காதாக்கிவிட்டது.

கறுப்பு நாயை ஜெராக்ஸ் எடுத்தால் கண்ணும் மூக்கும் சரியாக விழாது. நிழலுருவம்தான் மிஞ்சும். ஆகவே உருவத்தின் ஓரக்கோடுதான் அடையாளம். ஓரக்கோட்டில் காது தவறினால் அடையாளமே தவறியது. ஊரில் கறுப்பு நாய்க்கா பஞ்சம்?

காதைத் திருப்பிக் கொண்டுவருதல்

இதைச் சரிசெய்ய ஒரு விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அழுத்திப் பிடித்து Copy செய்து வேறிடத்தில் ஒட்டிய படத்தில், போன காது இல்லவே இல்லை. அதில் எந்தத் தூரிகையாலும் காதை வரவழைக்க முடியாது. மூலப்படத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அதன் மேல் முகமூடியை மட்டும் மாற்றவிடும் செயலியில்தான் திருத்தம் செய்ய முடியும். அப்படிப்பட்ட செயலிகளில் இரண்டு தூரிகைகள் இருக்கும். ஒன்றின் பெயர் Erase, அதாவது அழிப்பது. மற்றதன் பெயர் Restore, அதாவது அழிந்ததை மீட்பது. சில செயலிகளில் இவற்றுக்கு Remove, Keep என்று பெயர். இந்த இரண்டு தூரிகையும் இல்லாத செயலி என்றால் அதை விட்டுவிட்டு வேறு செயலியைத் தேடுவது நல்லது.

ஜெராக்ஸ் கடைக்காரர் வைத்திருந்தது இரண்டும் உள்ள செயலி. அவர் செய்த வேலை இதுதான்.

முதலில் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, வலது காது திரை முழுவதும் நிற்கும்படி செய்தார். தூரிகையின் அளவு திரையில் மாறாது. ஆகவே படத்தை எவ்வளவு பெரிதாக்குகிறோமோ, அந்த அளவுக்குத் தூரிகை படத்தில் மெலிதாகும். சின்னதாக வைத்துக்கொண்டு தேய்ப்பவர்களுக்குத்தான் கட்டில் கால் எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது.

பிறகு Restore தூரிகையை எடுத்து, தலையில் ஏற்கெனவே மிஞ்சியிருந்த இடத்திலிருந்து வெளியே காது நுனியை நோக்கித் தேய்த்தார். உள்ளிருந்து வெளியே போவதுதான் முறை. காதின் அடி எங்கே என்று தெரிந்த இடத்தில் தொடங்கினால், நுனி எங்கே முடிகிறது என்பது தேய்க்கத் தேய்க்கத் தெரிந்துவிடும். நிழலில் இருந்த காது என்பதால், மூலப்படத்தின் வெளிச்சத்தைக் கூட்டி இன்னொரு போனில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். கண்ணுக்கே தெரியாத ஓரத்தைக் கை எப்படிக் கண்டுபிடிக்கும்?

காது வந்ததும் ஓரத்தில் கொஞ்சம் நிழலும் கூடவே வந்தது. அது பிழையல்ல. வேண்டியதைவிட ஒரு நூல் அதிகமாக மீட்டு, பிறகு Erase தூரிகையை இன்னும் மெலிதாக்கி, வெளியிலிருந்து உள்நோக்கிச் செதுக்கிக்கொண்டு வருவதுதான் சுலபம். தவறிப்போனால் திரும்பிய அம்புக்குறியைத் தட்டினால் கடைசிக் கோடு மட்டும் நீங்கும்.

இடது காதுக்கு Erase மட்டும் போதுமானதாக இருந்தது. மூலப்படத்தைப் பார்த்து, வெட்டு இருந்த இடத்தில் தரையின் நிறம் தெரிந்த புள்ளிகளை மட்டும் அழித்தார். வெட்டு தெளிவாகத் தெரியட்டும் என்று கணவர் அதை இன்னும் ஆழமாக்கச் சொன்னபோது, கடைக்காரர் மறுத்துவிட்டார். “படத்துல இருக்கிறதுதான் தம்பி. நாமளா வெட்டினா, உங்க நாயைப் பார்க்கிறவன் இது வேற நாய்னு போயிடுவான்.”

இது எல்லோரும் மனதில் வைக்க வேண்டிய எல்லை. அழிந்ததை மீட்பது ஒன்று. இல்லாததைப் படைப்பது வேறு. இப்போது வரும் சில செயலிகள் காணாத காதைத் தாமாகவே வரைந்து வைத்துவிடுகின்றன. அந்தக் காது அழகாக இருக்கும். ஆனால் அது உங்கள் நாயின் காது அல்ல. அடையாளத்துக்கு வைக்கும் படத்தில் அதை ஏற்கக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். போனின் முன்பக்கக் கேமிராவில் எடுத்த படம் சில போன்களில் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறிப் பதிவாகும். இடது காதின் வெட்டு வலது காதில் தெரியும். படத்தில் ஏதாவது எழுத்து இருந்தால் பாருங்கள். எழுத்து திரும்பியிருந்தால் படமும் திரும்பியிருக்கிறது. நோட்டீசில் எழுதும்போதும் ‘நாயின் இடது காது’ என்று எழுத வேண்டும். பார்ப்பவரின் இடது வேறு, நாயின் இடது வேறு.

மாலைக்குள் இரண்டு பேர் போன் செய்தார்கள். இருவரும் கறுப்பு நாயைப் பார்த்தவர்கள். முதலாமவர் சொன்ன நாய்க்கு இரண்டு காதும் முழுசு. போய்ப் பார்க்கும் அலைச்சல் மிச்சம். இரண்டாமவர் சயான் பக்கத்தில் ஒரு கட்டிடத்தின் வாட்ச்மேன். காதில் வெட்டு, நெஞ்சில் வெள்ளை, இரண்டும் சரி என்றார். ஆபரேஷன் ஆன நாய் எதற்கும் வெட்டு இருக்கும் என்பதால், வெட்டை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. வெள்ளையும் சேர்ந்ததால்தான் குடும்பம் பஸ் ஏறியது. அங்கே இருந்தது கருப்பன்தான்.

மூன்று நிறத் தாள்

காது தவறியதை அந்த அம்மாள் கண்டுபிடித்தது பழக்கத்தினால். பழக்கம் இல்லாதவர் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெட்டிய படத்தின் பின்னால் நிறத்தை மாற்றிப் பார்ப்பதுதான் அது. பெரும்பாலான செயலிகளில் Background என்ற இடத்தில் நிறங்கள் இருக்கும்.

முதலில் நல்ல பச்சை வையுங்கள். பச்சை நிற நாயோ பூனையோ கிடையாது. உடம்பில் எங்காவது பச்சை தெரிந்தால் அங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். அடுத்து கறுப்பு வையுங்கள். பழைய சுவரின் வெளிச்சம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் வெள்ளைக் கோடாகத் தெரியும். கடைசியாக வெள்ளை வையுங்கள். நிழலின் மிச்சம் அழுக்குக் கோடாகத் தெரியும். வெள்ளைத் தாளிலேயே அச்சடிப்பதாக இருந்தாலும் பச்சையிலும் கறுப்பிலும் பார்ப்பது அவசியம். வெள்ளைப் பூனையின் காது நுனி போயிருந்தால் வெள்ளையில் தெரியவே தெரியாது.

மீசை ஏன் போகிறது?

நாயின் காதைவிடப் பூனையின் மீசை கஷ்டமான விஷயம். பூனைக்கு மூக்கின் இரு பக்கமும், பக்கத்துக்கு ஏறக்குறைய 12 மீசை முடிகள் இருக்கும். நான்கு வரிசையாக நிற்கும். கண்ணுக்கு மேலே சில முடிகள் தனி. ஒவ்வொன்றும் அடியில் சற்றுத் தடித்து, நுனியில் ஊசி மாதிரி முடியும்.

கணக்கைப் பாருங்கள். பூனை முழுவதும் தெரியும்படி எடுத்த படத்தில், 50 சென்டிமீட்டர் உடம்பு 2,000 புள்ளிகளில் அடங்கினால், 1 மில்லிமீட்டருக்கு 4 புள்ளி. மீசை முடியின் தடிப்பு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அதற்குக் கிடைப்பது 1 புள்ளிக்குச் சற்று மேல். செயலி படத்தை நான்கில் ஒன்றாகச் சுருக்கும்போது மீசைக்கு ஒரு புள்ளியில் மூன்றில் ஒரு பங்குகூட நிச்சயமில்லை. முழுப்புள்ளியே இல்லாததைச் செயலி எப்படிக் காப்பாற்றும்?

அதே பூனையின் முகத்தை மட்டும் அருகில் எடுத்தால் கதை மாறுகிறது. மீசையோடு சேர்த்து முகத்தின் அகலம் 20 சென்டிமீட்டர். அது 3,000 புள்ளிகளை நிரப்பினால் 1 மில்லிமீட்டருக்கு 15 புள்ளி. மீசைக்கு 5 புள்ளி. சுருக்கிய பிறகும் ஒரு புள்ளிக்கு மேல் மிஞ்சும். மீசையின் அடிப்பாகமாவது தப்பும்.

ஆகவே மீசைக்கு வைத்தியம் தட்டுவதற்கு முன்பே தொடங்குகிறது. பழைய படம்தான் இருக்கிறது என்றால், முதலில் அதன் நகல் ஒன்றை எடுத்து, முகத்தை மட்டும் விட்டு மற்றதை Crop செய்துவிட்டுப் பிறகு தட்டுங்கள். முகம் மட்டும் இருக்கும் படத்தில் செயலி சுருக்குவது குறைவு. முழுப் படத்தில் வராத மீசை இப்படிச் செய்தால் பாதியாவது வருவதைக் காணலாம். காதின் வெட்டுக்கும் இதே உபாயம் உதவும்.

புதிதாக எடுப்பதாக இருந்தால் பூனைக்குப் பின்னால் கரும்பச்சை அல்லது கறுப்புத் துணியைக் கட்டுங்கள். பெரும்பாலான பூனைகளின் மீசை வெள்ளை. சுண்ணாம்படித்த சுவருக்கு எதிரே வெள்ளை மீசையைக் கேமிராவே பிடிக்காது. கேமிரா பிடிக்காததை Restore தூரிகையும் கொண்டுவராது. அந்தத் தூரிகை மூலப்படத்தில் உள்ளதைத்தான் திருப்பித் தரும்.

மீட்பதா, வரைவதா, விடுவதா?

மூலப்படத்தில் மீசை தெரிகிறது, வெட்டிய படத்தில் இல்லை என்றால், மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி மீட்பது. முகத்தைத் திரை கொள்ளும் மட்டும் பெரிதாக்கி, தூரிகையைக் கடைசி அளவுக்கு மெலிதாக்கி, மீசையின் அடியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். தயங்கித் தயங்கி இழுத்தால் முடிச்சு முடிச்சாக வரும். எவ்வளவு மெலிதாக இழுத்தாலும் மீசையோடு பழைய சுவரின் நிறம் இருபுறமும் கொஞ்சம் வரும். அது தெரியாமல் இருக்க, புதிய பின்புலத்தின் நிறத்தைப் பழையதற்குக் கிட்டத்தட்ட ஒத்ததாக வைப்பது நல்லது. கரும்பச்சைத் துணிக்கு முன் எடுத்த பூனையைக் கரும்பச்சை அல்லது கருநீலத்தில் வைத்தால் ஓரம் தெரியாது. அதையே வெள்ளையில் வைத்தால், வெள்ளை மீசை மறைந்து பச்சைக் கோடுகள்தான் நிற்கும்.

இரண்டாவது வழி வரைவது. மீசை இருந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு போடுவது. இறந்துபோன பூனையின் படத்தைச் சட்டம் போட்டு மாட்ட நினைக்கிறவர்கள் இதைச் செய்யலாம். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. மூலப்படத்தைப் பார்த்து, முடி புறப்படும் இடத்திலிருந்தே கோட்டைத் தொடங்க வேண்டும். நுனியில் மங்க வேண்டும். இரண்டு பக்கமும் அச்செடுத்த மாதிரி ஒன்றாக இருந்தால் பொம்மைப் பூனையாகிவிடும். காணாமல் போன பூனையின் நோட்டீசுக்கு இந்த வழி கூடாது. ஒரு பக்கத்து மீசை ஒடிந்திருப்பதேகூட அடையாளமாக இருக்கலாம்.

மூன்றாவது வழி விட்டுவிடுவது. அஞ்சல் தலை அளவு படத்துக்கு மீசைக்காக மெனக்கெட வேண்டியதில்லை. ஆனால் விடுவதென்றால் முழுவதும் விட வேண்டும். பக்கத்துக்கு நாலு முடி பாதியில் நிற்க, மற்றவை இல்லாமல் இருந்தால், பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். மிஞ்சிய துண்டுகளை Erase தூரிகையால் கன்னத்தோடு சேர்த்து எடுத்துவிடுங்கள்.

அனுப்பும்போது கெடுவது

இவ்வளவும் செய்து முடித்துவிட்டு, கடைசியில் வாட்ஸ்அப்பில் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பின்புலம் இல்லாத படத்தைச் சேமிக்கும்போது கோப்பின் பெயர் .png என்று முடிய வேண்டும். .jpg என்று முடியும் கோப்பில் ‘ஒன்றும் இல்லாத இடம்’ என்பதற்கு வழியே கிடையாது. அந்த இடத்தில் வெள்ளையோ கறுப்போ வந்து நிரம்பிவிடும். வாட்ஸ்அப்பில் அதைச் சாதாரணப் படமாக அனுப்பினாலும் இதே கதிதான். கூடவே படத்தைச் சுருக்கியும் விடும். கஷ்டப்பட்டு மீட்ட மீசை அங்கே போய்விடும். காகிதக் கிளிப் அடையாளத்தைத் தட்டி, Document என்பதைத் தேர்ந்து அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

இணையதளங்களில் செய்கிறவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். இலவசமாகச் செய்துகொடுக்கும் தளங்கள் சிலவற்றில், முழு அளவுப் படத்துக்குப் பணம் கேட்பார்கள். இலவசமாகத் தருவது சின்னப் படம்தான். செல்போன் திரையில் அது நன்றாகவே தெரியும். நோட்டீஸ் அளவுக்குப் பெரிதாக்கி அச்சடித்தால் ஓரமெல்லாம் படிக்கட்டாகிவிடும். ஆகவே ஐம்பது பிரதிக்குப் பணம் கொடுக்கும் முன், ஒரே ஒரு பிரதி எடுத்து, நாலடி தூரத்தில் சுவரில் பிடித்துப் பாருங்கள். தெருவில் போகிறவர் அவ்வளவு தூரத்திலிருந்துதான் பார்ப்பார். அங்கிருந்து இரண்டு காதும் எண்ணத் தெரிந்தால் மற்ற நாற்பத்தொன்பதையும் போடலாம்.